பாதிப் பணத்தில் முழுப் பங்கு

1929 அக்டோபர் 24, வியாழக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணி. நியூயார்க் பங்குச் சந்தை காலையிலிருந்தே சரிந்துகொண்டிருந்தது. சந்தையின் துணைத் தலைவர் ரிச்சர்ட் விட்னி கூட்டத்தைக் கடந்து, யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் பங்கு விற்கும் இடத்துக்கு நடந்து போனார். பத்தாயிரம் பங்கு வேண்டும், 205 டாலர் தருகிறேன் என்று விலை கேட்டார். அந்த நேரத்தில் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த விலை அதைவிடக் குறைவு. பெரிய வங்கிகள் சேர்ந்து திரட்டிய பணத்தின் பலத்தில்தான் விட்னி அப்படிக் கேட்டார். சந்தையைத் தாங்கிப்பிடிக்க ஆள் இருக்கிறது என்று காட்டுவது நோக்கம். அன்று மாலை வரை அது பலித்தது.

ஆனால் 205 என்ற அந்த விலையே ஒரு வகை முதலீட்டாளருக்கு ஏற்கெனவே காலம் கடந்த விலை. ஏழு வாரம் முன்பு ஸ்டீல் உச்சத்தில் இருந்தபோது, பங்கின் விலையில் நாற்பது சதவீதத்தை மட்டும் கையிலிருந்து போட்டு, மிச்சத்தைப் புரோக்கரிடம் கடனாக வாங்கியிருந்தவர்தான் அவர். அவருடைய ஆபத்து விலை ஏறக்குறைய 208 டாலர். அந்த எண்ணை அவர் பங்கு வாங்கிய அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான் கணக்கு.

புரோக்கரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்குவதற்கு மார்ஜினில் வாங்குவது என்று பெயர். வாங்குபவர் போடும் சொந்தப் பணம்தான் மார்ஜின். வாங்கிய பங்கே கடனுக்கு அடமானம். நம் ஊர் நகைக்கடனைப் போன்றதுதான் இது. ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நகையை வைத்தவருக்கு வட்டி கட்ட மாதக்கணக்கில் அவகாசம் உண்டு, ஏலத்துக்கு முன் நோட்டீஸ் வரும். பங்கு அடமானத்தின் மதிப்பையோ ஒவ்வொரு நாளும், சில நேரம் மணிக்கு மணி, மறுபடி எடை போடுவார்கள். மதிப்பு இறங்கி, அதில் வாடிக்கையாளருக்குச் சொந்தமான பங்கு ஓர் அளவுக்குக் கீழே போனால், "பணம் கொண்டு வா" என்று அழைப்பு வரும். அதுதான் மார்ஜின் கால். பணம் வராவிட்டால் புரோக்கர் பங்கை விற்றுத் தன் கடனை எடுத்துக்கொள்வார்.

1929-ல் அமெரிக்காவின் பங்குச் சந்தைகளில் சுமார் 15 லட்சம் பேருக்குக் கணக்கு இருந்தது என்றும், அவற்றில் ஏறக்குறைய 6 லட்சம் மார்ஜின் கணக்குகள் என்றும் பின்னாளில் அமெரிக்க செனட் விசாரணையில் தெரியவந்தது. அத்தனை பேர் ஏன் கடன் வாங்கினார்கள் என்பதற்கு அந்த ஆண்டின் கோடைக்காலத்தைப் பார்த்தால் போதும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்றே மாதத்தில் ஸ்டீல் பங்கு 165 டாலரிலிருந்து 258 டாலருக்கு ஏறியது.

ஜூன் தொடக்கத்தில் ஒருவர் நூறு பங்கை முழுப் பணம் கொடுத்து வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 16,500 டாலர் போட்டு, ஆகஸ்ட் முடிவில் 25,800 டாலருக்கு விற்றால் லாபம் 9,300. போட்ட பணத்தில் இது 56 சதவீதம். மூன்று மாதத்துக்கு இதுவே நம்ப முடியாத வருமானம்.

பக்கத்து வீட்டுக்காரர் அதே நூறு பங்கைப் பாதிக் கடனில் வாங்குகிறார். சொந்தப் பணம் 8,250 டாலர், கடன் 8,250 டாலர். கடனுக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் வட்டி என்று கொண்டால் மூன்று மாதத்துக்கு 165 டாலர். அவரும் 25,800-க்கு விற்கிறார். கடனையும் வட்டியையும் கட்டிய பிறகு கையில் 17,385 நிற்கிறது. போட்ட 8,250-ஐக் கழித்தால் லாபம் 9,135. ரூபாய் அணாவாகப் பார்த்தால் முதலாமவரைவிட 165 டாலர் குறைவு. ஆனால் சொந்தப் பணத்தின் மேல் வருமானம் ஏறக்குறைய 111 சதவீதம்! மிச்சமிருந்த பாதிப் பணத்தில் அவர் இன்னொரு நூறு பங்கும் வாங்கியிருக்க முடியும்.

இந்த 111 எப்படி வந்தது என்பதைக் கவனித்தால் மொத்தக் கணக்கும் பிடிபடும். பங்கு 56 சதவீதம் ஏறியது. பங்கின் மொத்த மதிப்பு சொந்தப் பணத்தைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே ஏற்றமும் இரண்டு மடங்காகிறது, சுமார் 113. அதிலிருந்து மூன்று மாத வட்டியான 2 சதவீதத்தைக் கழிக்க வேண்டும். கடன் சொந்தப் பணத்துக்குச் சமமாக இருப்பதால் அந்த 2 அப்படியே 2 ஆகவே கழிகிறது. சொந்தப் பணம் நாற்பது சதவீதமாக இருந்தால் ஏற்றம் இரண்டரை மடங்காகும், வட்டி ஒன்றரை மடங்காகும். டிவிடெண்ட் வந்தால் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே எளிமைக்காக அதை விட்டிருக்கிறோம்.

பெருக்கும் எண்ணுக்கு மேலே போவதும் தெரியாது, கீழே போவதும் தெரியாது. இரண்டரை மடங்குக்காரருக்குப் பங்கு 20 சதவீதம் விழுந்தால் சொந்தப் பணத்தில் 50 சதவீதம் போகும். இதைவிடக் கவனத்துக்கு வராத இழப்பு, பங்கு அசையாமல் நிற்கும்போது வருவது. 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி நாற்பது சதவீதம் மட்டும் சொந்தமாகப் போட்டவருக்கு, பங்கு ஓராண்டு முழுவதும் வாங்கிய விலையிலேயே நின்றாலும் சொந்தப் பணத்தில் 12 சதவீதம் கரைந்துபோகும். அந்தக் காலத்தில் வட்டி ஒரே இடத்தில் நின்றதும் இல்லை. புரோக்கர்கள் வங்கிகளிடம் வாங்கிய நாள் கடனின் வட்டி 1929 மார்ச் 26 அன்று 20 சதவீதம் வரை எகிறியது.

இப்போது உச்சத்தில் வாங்கியவரிடம் வருவோம். செப்டம்பர் 3 அன்று ஸ்டீல் 261¾ டாலரைத் தொட்டது. கணக்கு எளிதாக இருக்க 260 என்று வைத்துக்கொள்வோம். நூறு பங்கு, 26,000 டாலர். சொந்தப் பணம் நாற்பது சதவீதம், அதாவது 10,400. கடன் 15,600.

இந்தக் கணக்கில் மாறாத எண் ஒன்றே ஒன்று. பங்கு விலை தினமும் மாறும், அதனால் பங்கின் மதிப்பும் மாறும், அதில் இவருக்குச் சொந்தமான பகுதியும் மாறும். கடன் மட்டும் 15,600-லேயே நிற்கும். விலை விழும்போது விழுவதெல்லாம் இவருடைய பகுதியிலிருந்துதான் போகும். கடன் கொடுத்தவரின் பகுதியில் ஒரு காசும் குறையாது.

அழைப்பு எப்போது வரும் என்பதற்கு 1929-ல் பொது விதி கிடையாது. ஒவ்வொரு புரோக்கர் நிறுவனமும் தன் விருப்பப்படி ஓர் அளவை வைத்திருந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் உள்ள குறைந்தபட்ச அளவான 25 சதவீதத்தையே அன்றைய விலைகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். பங்கின் அன்றைய மதிப்பில் குறைந்தது 25 சதவீதமாவது வாடிக்கையாளருடையதாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். கடன் கொடுத்தவர் பக்கமிருந்து பார்த்தால் இதையே இன்னும் எளிதாகச் சொல்லலாம்: கடன், மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு பங்குக்கு விழுகிற கடன் 156 டாலர். 156 என்பது எந்த விலையில் 75 சதவீதம்? 156-ஐ 0.75-ஆல் வகுத்தால் 208.

சரிபார்க்கலாம். 208 டாலர் விலையில் நூறு பங்கின் மதிப்பு 20,800. கடன் 15,600 போக இவருடைய பகுதி 5,200. அது 20,800-ல் சரியாகக் கால் பங்கு. விலை இதற்குக் கீழே ஒரு டாலர் இறங்கினாலும் தொலைபேசி அடிக்கும், அல்லது தந்தி வரும்.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 25 சதவீத விதி என்றதும், பங்கு 25 சதவீதம் விழுந்தால் அழைப்பு வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சொந்தப் பணத்தில் 25 சதவீதம் மிஞ்சும்வரை பொறுப்பார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. 260-லிருந்து 208 என்பது 20 சதவீத வீழ்ச்சிதான். அப்போது சொந்தப் பணத்தில் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது. எவ்வளவு வீழ்ச்சியைத் தாங்க முடியும் என்பது முதலில் போட்ட பணத்தைப் பொறுத்தது, அதுவும் சீராக மாறுவதில்லை. பாதிப் பணம் போட்டவர் 33 சதவீத வீழ்ச்சி வரை தாக்குப்பிடிப்பார். நாற்பது போட்டவருக்கு 20. முப்பது போட்டவருக்கு ஏழு சதவீதம்கூட இல்லை. சாதாரண வாரத்திலேயே ஒரு பங்கு அவ்வளவு ஆடும்.

கட்டாத வட்டியும் இந்த விலையை நகர்த்தும். இரண்டு மாத வட்டி 208 டாலர் கடனோடு சேர்ந்தால் (அழைப்பு விலையும் 208 என்பது தற்செயல்தான்) கடன் 15,808 ஆகிறது. அழைப்பு விலை ஏறக்குறைய 211-க்கு ஏறுகிறது. பங்கு இறங்கி வருகிறது, அழைப்பு விலை அதை எதிர்கொள்ள மேலே ஏறி வருகிறது.

அக்டோபர் 24 அன்று விட்னி 205 கொடுத்தாரே, அந்த விலையில் இந்த மனிதரின் நிலை என்ன? வட்டியை விட்டுவிடுவோம். பங்கின் மதிப்பு 20,500, அவருடைய பகுதி 4,900, இருக்க வேண்டியது 5,125. பற்றாக்குறை 225 டாலர். பத்தாயிரம் டாலர் போட்டவருக்கு 225 டாலர் பெரிய தொகையில்லை. மறுநாள் காலையில் கட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

கையில் ரொக்கம் இல்லாவிட்டால்தான் சிக்கல். 225 டாலருக்குப் பங்கை விற்றால் போதாது. விற்ற பணம் கடனைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அடமானமும் அதே அளவு குறைந்துவிடும், அவருடைய பகுதி 4,900 அப்படியே நிற்கும். 4,900 என்பது 25 சதவீதமாக இருக்க வேண்டுமானால் மொத்த மதிப்பு 19,600-க்கு இறங்க வேண்டும். ஆக 900 டாலருக்கு விற்க வேண்டும்: பற்றாக்குறையைப் போல் சரியாக நான்கு மடங்கு. 25 சதவீத விதி உள்ள இடத்தில் எப்போதும் இது நான்கு மடங்குதான்.

நான்கு நாள் கழித்து, அக்டோபர் 28 திங்கட்கிழமை, ஸ்டீல் 186 டாலர் அளவில் முடிந்தது. இடையில் இவர் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் அவருடைய பகுதி 3,000-க்கு வந்திருக்கும். தேவை 4,650. பற்றாக்குறை 1,650. ரொக்கம் இல்லையென்றால் 6,600 டாலருக்கு, அதாவது நூறில் 36 பங்கை விற்க வேண்டும். மறுநாள் செவ்வாய்க்கிழமை விலை 174 அளவுக்கு வந்தபோது விற்க வேண்டியது 59 பங்கு. விலை 12 டாலர்தான் இறங்கியது, விற்க வேண்டிய பங்கோ ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விட்டது.

இப்படி ஒருவர் இருந்தால் சந்தைக்குத் தெரியாது. லட்சக்கணக்கானவர்கள் அருகருகே இருக்கும் அழைப்பு விலைகளோடு காத்திருந்தால் கதை வேறு. ஒரு குழுவின் கட்டாய விற்பனை விலையை இறக்கும். இறங்கிய விலை அடுத்த குழுவின் அழைப்பு விலையைத் தொடும். விற்பவர் யாருக்கும் பங்கின் தரம் குறித்தோ நிறுவனத்தின் லாபம் குறித்தோ கருத்தே இருக்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் 1.64 கோடி பங்குகள் கைமாறின. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்த அளவை எந்த நாளும் எட்டவில்லை.

கணக்கு தெரிந்தவரும் அந்த நாட்களில் கணக்குப் போட முடியவில்லை என்பது கூடுதல் கொடுமை. விலைகள் அப்போது டிக்கர் நாடா என்ற காகிதச் சுருளில் அச்சாகி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. வியாழக்கிழமை விற்பனையின் வேகத்துக்கு இயந்திரம் ஈடுகொடுக்கவில்லை; மூன்று மணிக்கு முடிந்த வியாபாரத்தின் கடைசி விலை இரவு ஏழு மணிக்கு மேல்தான் நாடாவில் வந்தது. நாடா 215 என்று காட்டும்போது உண்மை விலை 208-க்குக் கீழே போயிருக்கலாம். தான் இன்னும் தப்பித்திருக்கிறோமா, ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டோமா என்பதே தெரியாமல் புரோக்கர் அலுவலகங்களில் பலகையைப் பார்த்து நின்றவர்கள் ஏராளம்.

புரோக்கர்களைக் கடிந்துகொள்வது எளிது. அவர்கள் கொடுத்ததும் அவர்களுடைய பணம் இல்லை. வங்கிகளிடமும், உபரிப் பணம் வைத்திருந்த பெரிய தொழில் நிறுவனங்களிடமும் வாங்கியதைத்தான் வாடிக்கையாளருக்குக் கொடுத்தார்கள். 1929 அக்டோபர் தொடக்கத்தில் புரோக்கர்கள் வாங்கியிருந்த கடன் சுமார் 850 கோடி டாலர். கேட்ட மாத்திரத்தில் திருப்பித்தர வேண்டிய கடன் அது. வீழ்ச்சி தொடங்கியதும் தொழில் நிறுவனங்களும் வெளியூர் வங்கிகளும் பணத்தை அவசரமாக எடுத்துக்கொண்டன. நியூயார்க் வங்கிகள் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்பின. அப்படியும் வாடிக்கையாளருக்கு நாலு நாள் அவகாசம் கொடுக்கும் நிலையில் பெரும்பாலான புரோக்கர்கள் இல்லை.

1929 பற்றிப் பேசும்போதெல்லாம் பத்து டாலர் இருந்தால் நூறு டாலர் பங்கு வாங்கலாம் என்ற கதை வரும். சில இடங்களில் அப்படி நடந்ததுண்டு. ஆனால் அந்த ஆண்டு கோடைக்குள் கலக்கமடைந்த பெரிய புரோக்கர்கள் 45, 50 சதவீதம் வரை கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பத்து சதவீதக் கதையைக் கணக்கில் போட்டுப் பார்த்தாலே அது எவ்வளவு விபரீதம் என்பது விளங்கும். 260 டாலர் பங்குக்கு 234 டாலர் கடன். 0.75-ஆல் வகுத்தால் அழைப்பு விலை 312! வாங்கிய விலையைவிட அழைப்பு விலை அதிகம். பங்கை வாங்கிய நிமிடமே அழைப்பு வந்துவிடும். 25 சதவீத விதி உள்ள ஊரில் பத்து சதவீத மார்ஜினே இருக்க முடியாது.

ஆகவே 1929-ன் கோளாறைப் பத்து சதவீதத்தின் தலையில் மட்டும் கட்டுவது சரியாகப் படவில்லை. பாதிப் பணம் போட்டவர்களும் ஏன் மாட்டினார்கள் என்பதுதான் சுவையான கேள்வி. அதற்கு விடை, ஜூனில் 165-க்கு வாங்கிய அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கிறது.

அவருடைய கடன் பங்குக்கு 82.50. அழைப்பு விலை 110. ஆகஸ்ட் முடிவில் பங்கு 258-ல் நிற்கும்போது அவர் விற்காமல் வைத்திருந்தார் என்றால் அவருக்கும் ஆபத்துக்கும் இடையே 148 டாலர் தூரம். நவம்பர் 13 அன்று, அந்த ஆண்டின் வீழ்ச்சி அடிமட்டத்தைத் தொட்ட நாளில், ஸ்டீல் 150 டாலருக்கு வந்தது. அப்போதுகூட அவருடைய பகுதி பங்கின் மதிப்பில் 45 சதவீதமாக இருந்திருக்கும். அழைப்பே வந்திருக்காது.

ஆனால் ஆகஸ்டில் புரோக்கர் அலுவலகத்துக்குப் போனவரிடம் எழுத்தர் சொல்லியிருக்கக்கூடியது இதுதான்: உங்கள் பகுதி இப்போது 17,550 டாலர், பாதி மார்ஜின் என்றால் நீங்கள் 35,100 டாலருக்குப் பங்கு வைத்துக்கொள்ளலாம், ஒரு காசும் போடாமல் இன்னும் 9,300 டாலருக்கு வாங்கலாம். காகிதத்தில் தெரிகிற லாபத்தை அடமானமாக வைத்து மேலும் வாங்குவது அன்றைய வழக்கம். அவர் 258 விலையில் இன்னும் 36 பங்கு வாங்கினார் என்று வையுங்கள். பங்கு 136, கடன் 17,538. பங்குக்குக் கடன் சுமார் 129. அழைப்பு விலை 172.

சட்டைப்பையிலிருந்து ஒரு டாலரும் எடுக்காமல், 110-ல் இருந்த அழைப்பு விலையை அவரே 172-க்குத் தூக்கிக்கொண்டுவிட்டார். அக்டோபர் 29 அன்று 174-ல் மயிரிழையில் தப்பியிருப்பார். நவம்பரில் 150 வந்தபோது அவருடைய பகுதி 14 சதவீதமாகச் சுருங்கியிருக்கும். அதற்கு வெகு முன்பே அழைப்பு வந்து, பங்கு விற்கப்பட்டிருக்கும். ஒரே பங்கு, ஒரே நாள் வாங்கியது, ஒரே பாதி மார்ஜின். ஒருவருக்கு அழைப்பே இல்லை, இன்னொருவருக்குக் கணக்கே முடிந்தது.

சொந்தப் பணம் முழுவதும் போவதோடு கதை நிற்கும் என்பதும் உறுதியில்லை. அந்தக் காலத்தின் கனவுப் பங்கு ரேடியோ, அதாவது ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா. செப்டம்பர் 3 அன்று 101 டாலர், நவம்பர் 13 அன்று 28. பாதிக் கடனில் 101-க்கு வாங்கியவருக்குக் கடன் 50.50, அழைப்பு விலை சுமார் 67. யாரும் விற்காமல் 28 வரை விட்டிருந்தால், பங்கை விற்ற பிறகும் ஒவ்வொரு பங்குக்கும் 22.50 டாலர் புரோக்கருக்குப் பாக்கி நிற்கும். போட்ட பணத்தில் நஷ்டம் 145 சதவீதம். புரோக்கர் 67-லேயே அவசரமாக விற்பது ஈவிரக்கமற்றதாகத் தெரியலாம். அந்த அவசரம் இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் வீடும் சேர்ந்து போகும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு 1934-ல் வந்த பங்குச் சந்தைச் சட்டம், எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்குக் கொடுத்தது. 1946-ல் ஓராண்டுக்கு அது 100 சதவீத மார்ஜின் கேட்டது. கடனுக்கு இடமே இல்லை. 1974 ஜனவரியிலிருந்து 50 சதவீதத்திலேயே நிற்கிறது. இது வாங்கும் அன்றைக்கு மட்டும் உள்ள அளவு. அதன் பிறகு தொடர்ந்து இருக்க வேண்டிய குறைந்தபட்சம்தான் 25 சதவீதம். புரோக்கர்கள் தங்கள் பாதுகாப்புக்கு முப்பது, நாற்பது என்று உயர்த்தி வைத்துக்கொள்வதும் உண்டு. அழைப்பு விடுக்காமலேயே விற்கும் உரிமையும் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அவர்களுக்கு உண்டு. காத்திருப்பார்கள் என்று நம்பியிருப்பவர் ஒப்பந்தத்தைப் படிக்காதவர்.

இந்தியாவிலும் இதே வியாபாரம் எம்டிஎஃப் என்ற பெயரில் செபியின் விதிகளுக்கு உட்பட்டு நடக்கிறது. வாங்கிய பங்கு முதலீட்டாளரின் டீமேட் கணக்கிலேயே இருக்கும், அதன்மேல் புரோக்கரின் அடமானக் குறி விழும். அமெரிக்காவிலிருந்து முக்கியமான வேறுபாடு, இங்கே எல்லாப் பங்குக்கும் பொதுவான ஒரே சதவீதம் கிடையாது. ஒவ்வொரு பங்கின் ஏற்ற இறக்கத்தை வைத்துச் சந்தை நிர்வாகம் கணக்கிடும் இடர் விகிதத்தை அடிப்படையாகக் கொண்டு மார்ஜின் அமையும். அந்த விகிதம் நாளுக்கு நாள் மாறக்கூடியது. பங்கு அதிகமாக ஆடத் தொடங்கினால் கேட்கும் மார்ஜினும் ஏறும்.

இதன் விளைவை ரூபாயில் பார்க்கலாம். ஆயிரம் ரூபாய் விலையில் நூறு பங்கு; சொந்தப் பணம் 40,000, கடன் 60,000. தொடர்ந்து இருக்க வேண்டிய மார்ஜின் 25 சதவீதம் என்றால் அழைப்பு விலை 800. பங்கு 900-க்கு இறங்குகிறது. நூறு ரூபாய் இடைவெளி இருக்கிறது என்று முதலீட்டாளர் தைரியமாக இருக்கிறார். பங்கு ஆடுவதைப் பார்த்து, தேவையான மார்ஜின் 35 சதவீதமாகிறது. இப்போது 600-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும், விடை 923. விலை 900-லிருந்து ஒரு ரூபாயும் இறங்கவில்லை, ஆனால் அழைப்பு வந்துவிட்டது. தப்பிக்க அவர் கட்ட வேண்டியது 1,500 ரூபாய். கட்ட முடியாவிட்டால் விற்க வேண்டியது சுமார் 4,300 ரூபாய்க்கு, அதாவது ஐந்து பங்கு.

விகிதம் மாறாமல் 25-லேயே நின்றாலும் வட்டி சும்மா இருக்காது. ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தால் மாதம் 600 ரூபாய். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் கடன் 63,600, அழைப்பு விலை 848. மறுபக்கம், அதே ஆறு மாதத்தில் பங்கு 1,036 ரூபாயைத் தொட்டால்தான் சொந்தப் பணம் 40,000 குறையாமல் திரும்பும். புரோக்கரேஜும் வரியும் இதில் சேரவில்லை.